நகை அடகும் எழுபது விழுக்காடும்: தங்கம் விலை இறங்கினால் யாருக்கு நட்டம்?



ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ‘சிக்கனமும் கடனும்’ பற்றி விளக்கக் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: “தங்கத்தின் விலை இறங்கினால் அடகு வைத்தவருக்குக் கவலையில்லை, நகை பத்திரமாகக் கடையில் இருக்கிறது.” இன்னொரு மாணவன் இதற்கு நேர்மாறாக, “விலை இறங்கியதும் கடைக்காரர் நகையை விற்றுவிடுவார்” என்று எழுதியிருந்தான். இரண்டுக்கும் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டேன். போட்ட பிறகுதான், இதை வகுப்பில் நாம் ஒருமுறைகூட சரியாக விளக்கியதில்லையே என்று பட்டது. நம்ம தெலுக் இந்தானில் பாஜாக் கடை வாசல் மிதிக்காத குடும்பம் குறைவு. பிள்ளைகளுக்கு அந்தச் சீட்டின் நிறம் தெரியும், கணக்கு தெரியாது.

எனக்கும் ஒரு காலத்தில் தெரியாதுதான். 2012 டிசம்பர் கடைசியில் என் டிப்ளோமா படிப்புக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மா தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். சாய்ந்த கோபுரத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த ஒரு கடையில் வைத்தோம். ஆறு மாதம் கழித்து, வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று எண்ணி ஜூன் கடைசியில் போனோம். கடைக்காரர் நகையை மறுபடி தராசில் வைத்தார், கால்குலேட்டரைத் தட்டினார், “ஹர்கா சுடா துருன்” என்றார். விலை இறங்கிவிட்டதாம். வட்டியோடு இன்னொரு பெரிய தொகையும் கட்டினால்தான் புதுச் சீட்டு. அம்மா என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரைப் பார்த்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்பதைத்தான் கீழே கணக்காக விரித்திருக்கிறேன்.

நகைக்கடன் என்பது விற்பனை அல்ல, ஈடு. நகை உங்களுடையதாகவே இருக்கிறது. கடனுக்குப் பிடிமானமாகக் கடைக்காரரின் கையில் இருக்கிறது. அவர் உங்கள் சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை, ஜாமீன் கேட்பதில்லை. நீங்கள் திரும்பி வராவிட்டால் அந்த நகையை விற்றுத்தான் அவர் தன் பணத்தை எடுக்க வேண்டும். ஆகவே அவர் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “ஆறு மாதம் கழித்து இதை விற்றால், என் முதலும் வட்டியும் தேறுமா?” தங்கத்தின் மதிப்பில் எத்தனை விழுக்காடு வரை கடன் கொடுக்கலாம் என்ற வரம்பு இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். இதைத் தமிழில் கடன் மதிப்பு விகிதம் என்று எழுதலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எளிதாக இருப்பதற்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். இன்றைய விலை இதுவல்ல.

ஒரு சங்கிலி, தராசில் 26 கிராம். பதக்கத்தில் உள்ள கல்லுக்கும் அரக்குக்கும் 1 கிராம் கழிக்கிறார்கள். மீதி 25 கிராம் தங்கம், 916 முத்திரை போட்டது, அதாவது 22 காரட். அன்றைய விலை கிராமுக்கு 400 ரிங்கிட். மதிப்பு 10,000 ரிங்கிட். கடை 70 விழுக்காடு கொடுக்கிறது என்றால் கையில் கிடைப்பது 7,000.

இங்கேயே பலருக்கு முதல் மனக்குறை வரும். “நான் 11,500 கொடுத்து வாங்கின சங்கிலியாச்சே!” வாங்கியிருக்கலாம். அந்த 11,500இல் செய்கூலியும் சேதாரமும் கல்லின் விலையும் கடையின் லாபமும் அடங்கியிருக்கின்றன. அடகுக்காரர் பார்ப்பது உருக்கினால் கிடைக்கும் உலோகத்தை மட்டுமே. ஆகவே 70 விழுக்காடு என்பது அவருடைய மதிப்பில் 70. உங்கள் ரசீதை வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய 61தான். நுண்ணிய வேலைப்பாடு உள்ள நகையையும் கல் பதித்த நகையையும் அடகு வைப்பவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் இழக்கிறார்கள். சாதாரண வளையல், முறுக்குச் சங்கிலி என்றால் இடைவெளி சிறிது.

சரி, மீதி 3,000 ஏன்? அது கடைக்காரரின் பேராசை என்று நினைப்போம். வட்டியைச் சேர்த்துப் பாருங்கள். நம் நாட்டில் உரிமம் பெற்ற அடகுக் கடைகள் 1972ஆம் ஆண்டின் அடகுக்காரர் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அவர்கள் வாங்கக்கூடிய வட்டி மாதத்துக்கு 2 விழுக்காடு. மீட்பதற்கான தவணை ஆறு மாதம். 7,000 ரிங்கிட்டுக்கு மாதம் 140. ஆறு மாதத்துக்கு 840. தவணை முடியும்போது உங்கள் கடன் 7,840. தங்கத்தின் விலை அசையாமல் இருந்தாலும், விகிதம் 70இலிருந்து 78.4க்கு ஏறிவிட்டது.

ஒரு கடை 90 விழுக்காடு கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். கேட்க இனிமையாக இருக்கும்: கையில் 9,000. ஆறு மாத வட்டி 1,080. மொத்தம் 10,080. தங்கம் ஒரு சென்கூட இறங்காமலேயே கடன் நகையின் மதிப்பைத் தாண்டிவிட்டது. அப்படிப்பட்ட நகையை மீட்க யாருக்கு மனம் வரும்? அதே பணத்துக்குக் கடையில் வேறு நகை வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். வரம்பு கடைக்காரரைக் காப்பாற்றுவதோடு, நகையை மீட்கும் ஆசையையும் நம்மிடம் உயிரோடு வைத்திருக்கிறது.

இப்போது மாணவியின் வாக்கியத்துக்கு வருவோம். தங்கம் இறங்குகிறது. அடகுக் காலத்தின் நடுவில் உங்களுக்கு என்ன ஆகும்? பாஜாக் கடையில், ஒன்றும் ஆகாது. மூன்றாம் மாதத்தில் விலை சரிந்தது என்பதற்காக உங்களைக் கூப்பிட்டு “மேற்கொண்டு பணம் கட்டுங்கள்” என்று கேட்க முடியாது. தவணைக்கு முன் நகையை விற்கவும் முடியாது. சீட்டில் எழுதிய தொகை எழுதியதுதான். ஆகவே அந்த மாணவன் எழுதியது தவறு. மாணவி எழுதியது ஆறு மாதம் வரைக்கும்தான் சரி.

ஆறாவது மாதம் முடியும்போது கதவு திறக்கிறது. நகையை முழுதாக மீட்பவருக்கு 7,840 கட்டினால் போதும். விலை எங்கே நின்றாலும் அதே தொகைதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் மீட்பதில்லை, புதுப்பிக்கிறோம். புதுப்பிப்பது என்றால் பழைய கடனை அடைத்து அதே நகைக்குப் புதிய கடன் வாங்குவது. புதிய கடன் என்றால் புதிய மதிப்பீடு. இந்தக் கணத்தில்தான் விலைச் சரிவு உங்கள் வீட்டுக்குள் வருகிறது.

தங்கம் 20 விழுக்காடு இறங்கி கிராம் 320 ஆகிவிட்டது என்று வைப்போம். 25 கிராமின் மதிப்பு இப்போது 8,000. அதில் 70 விழுக்காடு 5,600. கடை இனி அந்தச் சங்கிலிக்கு 5,600க்கு மேல் கடன் எழுதாது. நீங்கள் வைத்திருக்கும் முதல் 7,000. இடையில் உள்ள 1,400ஐ நீங்கள்தான் கட்ட வேண்டும்; அதோடு வட்டி 840. ஆக 2,240. விலை அப்படியே இருந்திருந்தால் 840 மட்டும் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். கையில் 840ஐ மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போன என் அம்மாவின் நிலை இதுதான்.

2012 டிசம்பர் கடைசியில் உலகச் சந்தையில் தங்கம் ஒரு அவுன்ஸ் 1,650 டாலரை ஒட்டி இருந்தது. 2013 ஏப்ரல் 12, 15 ஆகிய இரண்டு வணிக நாள்களில் மட்டும் 200 டாலர் அளவுக்குச் சரிந்தது. ஜூன் கடைசியில் 1,200 டாலர் பக்கம் வந்து நின்றது. நாங்கள் புதுப்பிக்கப் போனது சரியாக அந்த வாரம். இதில் மாணவர்கள் கவனிக்க ஒன்று உண்டு: நம் கடைகளில் எழுதும் விலை டாலர் விலையை ரிங்கிட்டாக மாற்றியது. ரிங்கிட் வலுவிழந்தால் சரிவு கொஞ்சம் மெத்தென்று விழும். அந்த ஆறு மாதத்தில் ரிங்கிட்டும் சற்று இறங்கியதால் டாலரில் தெரிந்த அளவு அடி நமக்கு விழவில்லை. இருந்தும் ரிங்கிட் கணக்கில் ஏறத்தாழ கால் பங்கு போயிற்று. மாமாவிடம் கைமாற்று வாங்கிக் கட்டினோம்.

அம்மாவுக்கு மாமா இருந்தார். பணம் புரட்ட முடியாதவருக்கு என்ன ஆகிறது? தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: நகை ‘மூழ்கிப் போகிறது’. மாணவர்கள் கட்டுரையில் ‘நகை பறிமுதல் ஆனது’ என்று எழுதுகிறார்கள். பறிமுதல் என்பது அரசு செய்வது. அடகில் நகை மூழ்கும். இந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். சட்டப்படி, 200 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட கடனுக்கு வைத்த நகை மூழ்கினால் அதைக் கடைக்காரர் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது, ஏலத்தில் விட வேண்டும். ஏலத்தில் 9,500 ரிங்கிட் வந்தால் கடன் 7,840உம் ஏலச் செலவும் போக மீதி நகைக்குச் சொந்தக்காரருடையது. இதைக் கேட்டு வாங்காதவர்கள் நிறைய பேர். “மூழ்கிடுச்சு, போனது போகட்டும்” என்று சீட்டைக் கிழித்துப் போடுவார்கள். கிழிக்காதீர்கள், சீட்டை எடுத்துக்கொண்டு உடனே போய்க் கேளுங்கள்.

தங்கம் நன்றாகச் சரிந்த பிறகு நடக்கும் ஏலத்தில் மீதி இருக்காது. நம் சங்கிலியின் மதிப்பு 7,840க்குக் கீழே போவதற்கு விலை 21.6 விழுக்காடு இறங்க வேண்டும். அதையும் தாண்டி, 25 விழுக்காடு இறங்கிவிட்டால் மதிப்பு 7,500. அந்தப் பள்ளம் கடைக்காரரின் நட்டம். பாஜாக் கடைக்காரர் அந்த மீதிக்காக வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. நமக்கு நட்டம் வேறு மாதிரியானது: 7,000 ரிங்கிட் வாங்கி, 11,500 கொடுத்த சங்கிலியை, அம்மா கல்யாணத்துக்குப் போட்டதை, விட்டுவிட்டு வருகிறோம்.

அர்-ரஹ்னு பற்றியும் ஒரு வார்த்தை. 1992இல் திரங்கானுவிலும் கிளந்தானிலும் தொடங்கிய இந்த முறை இன்று நம் வட்டாரங்களிலும் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களும் வைக்கலாம். இங்கே வட்டி இல்லை, ‘உப்பா சிம்பான்’ என்ற பாதுகாப்புக் கூலி. பல இடங்களில் அந்தக் கூலியைக் கடனுக்கு அல்ல, நகையின் மதிப்புக்குக் கணக்கிடுகிறார்கள். 100 ரிங்கிட் மதிப்புக்கு மாதம் 75 சென் என்று வைத்துக்கொண்டால், 10,000 மதிப்புள்ள சங்கிலிக்கு 75 ரிங்கிட். 7,000 கடன் வாங்குபவருக்குப் பாஜாக் கடையில் 140, இங்கே 75, லாபம். ஆனால் 3,000 மட்டும் வாங்குபவருக்கு அங்கே 60, இங்கே அதே 75. சிறிய தொகைக்குப் பெரிய நகையைக் கொண்டுபோக வேண்டாம் என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது. இன்னொன்று: விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் மீதியை உங்களிடம் கேட்கும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கலாம். கையொப்பம் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

வரம்பை யார் விதிப்பது என்பதில் தமிழ்நாட்டுக்கும் நமக்கும் வித்தியாசம் உண்டு. இங்கே பாஜாக் கடைக்காரர் சந்தையைப் பார்த்துத் தாமே முடிவு செய்கிறார். அங்கே இந்திய ரிசர்வ் வங்கி எழுதி வைக்கிறது. நகைக்கடன் நிறுவனங்கள் தாராளமாகக் கொடுத்து வந்த காலத்தில், 2012 மார்ச்சில், 60 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று கடிவாளம் போட்டது. அப்போது பலரும் முணுமுணுத்தார்கள். அடுத்த ஆண்டே அந்த ஏப்ரல் சரிவு வந்தது. தாராளமான விகிதத்தில் முன்பு கடன் வாங்கியவர்களில் பலர் நகையை மீட்கவில்லை. பெரிய நகைக்கடன் நிறுவனங்களில் ஒன்றான மணப்புரம் ஃபைனான்ஸ் 2013 ஜனவரி முதல் மார்ச் வரையான காலாண்டுக்கு நட்டம் காட்டியது. 2014 ஜனவரியில் வரம்பு 75 ஆனது. 2025 ஜூனில் வந்த புதிய விதி கடன் தொகையைப் பொறுத்து வரம்பைப் பிரித்தது: இரண்டரை லட்ச ரூபாய் வரை 85, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. முதலையும் வட்டியையும் கடைசியில் ஒன்றாகக் கட்டும் கடனானால், வரம்பைக் கணக்கிடும்போது கடைசியில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையைத்தான் பார்க்க வேண்டும் என்கிறது அந்த விதி. மேலே நாம் 7,000ஐ விட்டுவிட்டு 7,840ஐப் பார்த்தோமே, அதே பார்வை.

விலை ஏறும் காலத்தில் இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. அதே சங்கிலி, தங்கம் கிராம் 500க்கு ஏறிவிட்டது. புதுப்பிக்கப் போகிறீர்கள். மதிப்பு 12,500, 70 விழுக்காடு 8,750. பழைய கணக்கு 7,840ஐக் கழித்துக்கொண்டு 910 ரிங்கிட் கையில் கொடுக்கிறார்கள். வட்டி கட்டப் போனவருக்குப் பணம் கிடைக்கிறது! தீபாவளி நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் முதல் இப்போது 8,750. அடுத்த ஆறு மாதத்தில் தங்கம் பழையபடி 400க்கு இறங்கினால், வட்டி 1,050, முதலில் குறைக்க வேண்டியது 1,750, மொத்தம் 2,800. தங்கம் தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்கிறது, நாம் மட்டும் திரும்பவில்லை. நகை மூழ்கிய கதைகளில் நான் கேட்டவரை, முதல் சீட்டிலேயே மூழ்கியது குறைவு. இரண்டு மூன்று முறை இப்படி ஏற்றி எழுதிய சீட்டுகள்தான் அதிகம்.

தப்பிக்கும் வழி அடகுக்காரரிடம் இல்லை, நாம் கேட்கும் தொகையில் இருக்கிறது. நமக்குத் தேவை 5,000 மட்டும் என்றால் 5,000 மட்டும் கேட்க வேண்டும். “ஏழாயிரம் வரும், எடுத்துக்கோங்க” என்றாலும் வேண்டாம். ஆறு மாத வட்டி 600. தங்கம் 20 விழுக்காடு இறங்கினால் கடை எழுதக்கூடிய உச்சம் 5,600. நம் முதல் 5,000. 600 கட்டிவிட்டுப் புதுச் சீட்டோடு வந்துவிடலாம், கைமாற்று வேண்டியதில்லை. அம்மா இப்போதும் அடகு வைக்கிறார். ஆனால் கவுண்டரில் முதலில் தொகையைச் சொல்லிவிட்டுத்தான் நகையை எடுத்து வைக்கிறார்.

ஆசிரியர்கள் வகுப்பில் கொடுக்க ஒரு கேள்வி: மேலே சொன்ன சங்கிலிக்கு 7,000 ரிங்கிட் கடன் வாங்கிய ஒருவர் ஆறு மாதம் கழித்துப் புதுப்பிக்கிறார். தங்கம் கிராம் 360க்கு இறங்கியிருக்கிறது. அன்று அவர் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்? விடை 1,540 ரிங்கிட். 700 என்று எழுதியவர்கள் வட்டியை மறந்தவர்கள். 840 என்று எழுதியவர்கள் நானும் அம்மாவும் போல.